சிலராட்சியின் இரும்பு விதி: ஒரு கலைச்சொல்லும் அதன் கோட்பாடும்

0. முன்னுரை

மக்களாட்சியைக் கொண்டுவருவதற்கென்றே தோன்றிய கட்சிகளும், உழைப்பவர் தம் உரிமையைத் தாமே காத்துக்கொள்வதற்கென்று அமைத்த தொழிற்சங்கங்களும் காலப்போக்கில் ஒரு சிறு தலைமைக் குழுவின் கைக்குள் அடங்கிவிடுகின்றன. இதனை ஒரு பொதுவிதியாக வகுத்துக் கூறியவர் இராபர்ட் மிக்கெல்ஸ் என்னும் ஜெர்மானியச் சமூகவியலறிஞர். அவர் 1911இல் வெளியிட்ட நூலில் இதற்கு இட்ட பெயரே இன்று தமிழில் 'சிலராட்சியின் இரும்பு விதி' என்று வழங்கத்தக்கது. சமூகவியல், அரசியல் நூல்களை மொழிபெயர்ப்போர் இத்தொடரை அடிக்கடி எதிர்கொள்கின்றனர்.

இத்தொடரில் உள்ள மூன்று சொற்களுள் 'விதி' என்பதே கூடுதல் கவனத்திற்குரியது. தமிழில் அது இலக்கண விதி, சட்ட விதி என்பவற்றில் போல ஒழுங்குமுறையையும் குறிக்கும். தலைவிதி என்பதில் போல ஊழையும் குறிக்கும். மிக்கெல்ஸ் கூறியது எப்பொருளில் விதி என்பதே அக்கோட்பாட்டைப் பற்றிய முதன்மையான விவாதமும் ஆகும். அது மாற்ற இயலாத ஊழா, அல்லது குறிப்பிட்ட சூழல்களில் மட்டும் செயற்படும் ஒரு போக்கா என்பதனை அவர் ஆராய்ந்த கட்சியின் வரலாற்றைக் கொண்டும், அவருக்குப் பின் ஆராயப்பட்ட ஒரு தொழிற்சங்கத்தின் நடைமுறையைக் கொண்டும் இக்கட்டுரை விளக்க முற்படுகிறது.

1. பெயரின் வரலாறு

மிக்கெல்ஸ் இப்பெயரைத் தாமே புதிதாகப் படைக்கவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஜெர்மன் தொழிலாளர் இயக்கத்தைத் தொடங்கியவர்களுள் ஒருவரான பெர்டினாண்டு லசால், தொழிலாளியின் கூலி உயிர்வாழ்வதற்கு வேண்டிய அளவுக்கு மேல் நிலையாக உயராது என்பதனை 'கூலியின் இரும்பு விதி' என்று வழங்கினார். இத்தொடரில் லசாலுக்கு உரியது அந்த அடைச்சொல் மட்டுமே என்றும், அதுவும் கதேயின் கவிதையிலிருந்து பெற்ற கடனே என்றும் மார்க்ஸ் 1875இல் எள்ளினார். இயக்கத்தார் அனைவரும் அறிந்த அத்தொடரின் வடிவத்தையே எடுத்து, அவ்வியக்கத்தின் மீதே மிக்கெல்ஸ் பொருத்திக் காட்டினார். முதலாளியத்தின் விதியைப் பேசிய இயக்கம் தன்னுள் இயங்கும் விதியைக் காணவில்லை என்னும் குத்தல் இப்பெயரில் அடங்கியுள்ளது. மொழிபெயர்ப்பில் இக்குத்தல் பெரும்பாலும் மறைந்துவிடுகிறது.

ஜெர்மன் மூலத்தில் உள்ள அடைச்சொல்லின் நேர்பொருள் 'வெண்கலத்தால் ஆன' என்பதாகும். அதன் வேர்ச்சொல் இலத்தீனத்தில் வெண்கலத்தைக் குறிக்கும் சொல்லுக்கும், வடமொழியின் 'அயஸ்' என்பதற்கும் உறவுடையது. வடமொழிச் சொல் பிற்காலத்தில் இரும்பைக் குறித்தது. தமிழ் மருத்துவ நூல்களில் வரும் 'அயம்' அதன் வழி வந்ததே. எனவே ஆங்கிலத்திலும் தமிழிலும் வெண்கலம் இரும்பாக மாறியது பிழையன்று. எனினும் 'இரும்பு நெஞ்சம்' முதலிய வழக்குகளால் தமிழில் இவ்வடை கொடுமைப் பொருளையும் ஏற்கிறது. மூலத்தில் கொடுமை இல்லை. வளையாமை மட்டுமே உண்டு.

'சிலராட்சி' என்பது சிலர், ஆட்சி என்னும் கிரேக்க உறுப்புகளின் நேர்மொழிபெயர்ப்பு. அரிஸ்டாட்டில் இச்சொல்லால் செல்வர் சிலர் தம் நலங்கருதி ஆளும் ஆட்சியைக் குறித்தார். மிக்கெல்ஸ் குறிப்பிடும் சிலரோ செல்வர் அல்லர். தொழிலாளர் குடும்பங்களில் பிறந்து, உறுப்பினர் வாக்கினால் பதவிக்கு வந்தவர்கள். அவர்களுடைய ஆற்றல் செல்வத்திலிருந்து பிறக்காமல் பதவியிலிருந்தே பிறக்கிறது. இவ்வேறுபாடு தெளிவுபடாவிடின் கோட்பாடே திரிந்துவிடும். அவ்வாறே அந்நூலில் பயிலும் 'திரள்' என்னும் சொல்லும் நாட்டு மக்கள் அனைவரையும் குறிப்பதன்று. பெரும்பாலான இடங்களில் அமைப்பின் சாதாரண உறுப்பினர்களையே குறிக்கிறது. அதனைப் 'பொதுமக்கள்' என்று பெயர்த்தால் உட்கட்சி வாதம் நாட்டு அரசியல் வாதமாக மாறிவிடும்.

மற்றொரு செய்தியும் இங்குக் கருதத்தக்கது. மிக்கெல்ஸ் நூலின் துணைத்தலைப்பில் 'சிலராட்சிப் போக்குகள்' என்று பன்மையில் போக்கு என்னும் சொல்லே உள்ளது; நூலின் இறுதிப் பகுதியில்தான் 'விதி' தலைகாட்டுகிறது. உலகெங்கும் பரவிய ஆங்கிலப் பதிப்பு 1915இல் வெளிவந்தது. அதுவும் இத்தாலியப் பதிப்பை அடியொற்றியது. நூலைப் படியாதாரும் விதியை அறிந்தனர்; போக்கு என்னும் சொல் பின்தங்கிவிட்டது.

2. கோட்பாட்டின் உள்ளமைப்பு

1876இல் கோலோன் நகரில் செல்வக் குடும்பத்தில் பிறந்த மிக்கெல்ஸ், ஜெர்மன் சமூக ஜனநாயகக் கட்சியில் சேர்ந்து அதன் மாநாடுகளில் பேராளராகக் கலந்துகொண்டவர். அக்கட்சியில் இருந்தமையால் ஜெர்மன் பல்கலைக்கழகங்களில் ஆசிரியப் பணி பெற இயலாமல் இத்தாலியின் தூரின் நகருக்குச் சென்றார். அவர் இக்கட்சியைத் தம் ஆய்வுக்குத் தேர்ந்தமைக்குத் தெளிவான காரணம் உண்டு. பழமை பேணும் கட்சியில் சிலர் ஆள்வதைக் காட்டினால் அதில் வியப்பில்லை. மக்களாட்சியையே தன் உயிர்க்கொள்கையாகக் கொண்ட கட்சியிலும் அதே நிலை தோன்றுமானால், காரணம் கொள்கையில் இல்லை, அமைப்பிலேயே உள்ளது என்று கொள்ள வேண்டியிருக்கும்.

அவர் வாதம் தலைவர்களின் தீய எண்ணத்திலிருந்து தொடங்கவில்லை. உறுப்பினர்களின் தேவையிலிருந்து தொடங்குகிறது. பல்லாயிரம் பேர் ஓரிடத்தில் கூடி நாள்தோறும் முடிவெடுக்க இயலாது. ஆதலால் சார்பாளர் வேண்டும். வேலைநிறுத்தமோ தேர்தலோ வந்தால் உடனடி முடிவு வேண்டும். ஆதலால் சார்பாளருக்கு அதிகாரம் வேண்டும். நிதி, சட்டம், பேச்சுவார்த்தை ஆகியவற்றில் பயிற்சி வேண்டும். ஆதலால் முழுநேர ஊழியர் வேண்டும். பகல் முழுதும் ஆலையில் உழைத்துவிட்டு மாலையில் கூட்டத்திற்கு வருபவர், ஆண்டுக்கணக்கில் கோப்புகளைக் கையாண்டவருடன் வாதிட்டு வெல்வது அரிது. இவ்வாறு ஒவ்வொரு படியும் நியாயமானதே. ஆயினும் படிகளின் கூட்டுவிளைவாகத் தலைமை தனியொரு தொழிலாகிறது.

இதனுடன் உளவியற் காரணங்களும் சேர்கின்றன. தம் பொருட்டுச் சிறை சென்றவரிடத்து உறுப்பினர்க்கு நன்றியுணர்வு மிகுதி. அவரை மீண்டும் தேர்ந்தெடுப்பது கடமையாகத் தோன்றும். எதிர்ப்பு எழும்போது தலைவர் பதவி விலகுவதாக அறிவிப்பதும், உறுப்பினர் அஞ்சி அவரை வேண்டிக்கொள்வதும், முடிவில் எதிர்ப்பு அடங்குவதும் வழக்கமான நிகழ்ச்சிகள் என்று மிக்கெல்ஸ் காட்டினார். பணிவின் வடிவில் வரும் பதவி விலகல் உண்மையில் ஆணையாகவே செயற்படுகிறது.

மூன்றாவது காரணம் தலைவரின் வாழ்நிலை மாற்றம். கட்சியின் செயலாளராக 1905இல் தேர்ந்தெடுக்கப்பட்ட பிரீட்ரிக் ஏபர்ட் தோலில் சேணம் தைக்கும் தொழிலாளியாக வாழ்வைத் தொடங்கியவர். பின்னர் பிரேமனில் மதுக்கடை நடத்தி, அதன்பின் தொழிலாளர் செயலகத்தின் ஊதியம் பெறும் ஊழியரானார். இத்தகைய ஒருவர் பதவியை இழந்தால் மீண்டும் சேணம் தைக்கப் போவது எளிதன்று. பதவியைக் காப்பது அவருக்கு வாழ்வைக் காப்பதாகிறது. அதற்கு அமைப்பு குலையாமல் இருக்க வேண்டும். ஒரு குறிக்கோளுக்குக் கருவியாகத் தோன்றிய அமைப்பு, இந்நிலையில் தானே குறிக்கோளாகிவிடுகிறது.

3. ஜெர்மன் கட்சியின் வரலாறு காட்டுவது

இவ்வாதத்தின் வலிமையை இரு நிகழ்ச்சிகளால் அளக்கலாம். ஒன்று நூல் எழுதப்படுவதற்கு முந்தியது, மற்றொன்று பிந்தியது.

1905 மே மாதம் கோலோனில் கூடிய தொழிற்சங்க மாநாடு, அரசியல் நோக்கிலான பெருந்திரள் வேலைநிறுத்தம் என்னும் கருத்தையே மறுத்தது. அதே ஆண்டு செப்டம்பரில் யேனாவில் கூடிய கட்சி மாநாடோ, வாக்குரிமைக்கு ஆபத்து நேர்ந்தால் அவ்வேலைநிறுத்தம் ஏற்ற கருவியே என்று தீர்மானித்தது. முரண்பட்ட இவ்விரு தீர்மானங்களும் உறுப்பினரின் பேராளர்கள் நிறைவேற்றியவை. முரண்பாட்டைத் தீர்த்ததோ வேறு இடம். 1906 பிப்ரவரியில் கட்சியின் செயற்குழுவும் தொழிற்சங்கங்களின் பொது ஆணையமும் மறைவாகக் கூடி, அவ்வேலைநிறுத்தத்தைக் கட்சி முன்னெடுக்காது என்று உடன்பட்டன. செய்தி வெளிப்பட்டபின் செப்டம்பரில் மான்ஹைம் மாநாடு, இரு அமைப்புகளையும் பாதிக்கும் செயல்களில் இரு தலைமைகளும் ஒத்துப்போக வேண்டும் என்று ஏற்றது. அப்போது கட்சி உறுப்பினர் சுமார் 3,84,000 பேர். சங்க உறுப்பினர் பதினாறு இலட்சத்திற்கும் மேற்பட்டோர். தோல்வியுறும் வேலைநிறுத்தம் பல்லாண்டு சேர்த்த நிதியையும் அமைப்பையும் அழித்துவிடும் என்பது சங்கத் தலைவர்களின் அச்சம். அது பொய்யான அச்சமும் அன்று. ஆனால் அந்த அச்சமே கொள்கையைத் தீர்மானித்தது என்பது மிக்கெல்ஸின் கூற்றுக்கு அரணாகிறது.

இரண்டாவது நிகழ்ச்சி 1914 ஆகஸ்டில் நேர்ந்தது. 1912 தேர்தலில் 34.8 விழுக்காடு வாக்கும் 397 இடங்களுள் 110 இடங்களும் பெற்று நாடாளுமன்றத்தின் மிகப் பெரிய கட்சியாக இருந்த இக்கட்சி, போரை எதிர்ப்பதாகப் பல மாநாடுகளில் சூளுரைத்திருந்தது. ஆகஸ்டு 3 அன்று அதன் நாடாளுமன்றக் குழு கூடிப் போர்க்கடனை ஆதரிப்பதென 78க்கு 14 என்னும் வாக்கில் முடிவு செய்தது. மறுநாள் அவையில் சிறுபான்மையினரும் கட்டுப்பாட்டிற்கு இணங்கி ஆதரவாகவே வாக்களித்தனர். குழுவின் அறிக்கையை அவையில் படித்தவர் ஹூகோ ஹாசே. அவர் முந்திய நாள் எதிர்த்து வாக்களித்தவர். பத்து இலட்சத்திற்கும் மேற்பட்ட உறுப்பினர்களின் கருத்து கேட்கப்படவில்லை. 1913க்குப் பின் 1917 அக்டோபர் வரை கட்சி மாநாடே கூடவில்லை.

இங்கு ஓர் எச்சரிக்கை வேண்டும். உறுப்பினர்களைக் கேட்டிருந்தால் அவர்கள் போரை மறுத்திருப்பார்கள் என்று சொல்வதற்கில்லை. அவ்வாரத்தில் தொழிலாளரிடையேயும் நாட்டுப்பற்றும், ரஷ்யப் படையெடுப்பைப் பற்றிய அச்சமும் பரவியிருந்தன. ஆகவே அந்த வாக்கு மட்டுமே சிலராட்சிக்குச் சான்றாகாது. தலைவர் முடிவும் உறுப்பினர் விருப்பும் ஒன்றாயிருந்தால் அங்கே சிலராட்சி இருப்பது புலப்படாது. கருத்து மாறியபின் உறுப்பினரால் தலைமையை மாற்ற முடிந்ததா என்பதே உண்மையான சோதனை.

அச்சோதனை இரண்டாண்டுகளில் வந்தது. 1914 டிசம்பரில் கார்ல் லீப்க்னெக்ட் ஒருவரே போர்க்கடனை எதிர்த்து வாக்களித்தார். 1915 டிசம்பரில் அவ்வாறு எதிர்த்தோர் இருபதின்மர். 1916 மார்ச்சில் ஹாசேயைச் சேர்ந்த பிரிவினர் நாடாளுமன்றக் குழுவிலிருந்து விலக்கப்பட்டனர். எதிர்ப்பு வலுத்திருந்த இடம் பெர்லின். கட்சியின் தலைமை நாளிதழான 'போர்வேர்ட்ஸ்' பெர்லின் கிளையின் நாளிதழாகவும் இருந்தமையால், அதன்மீது செயற்குழுவுக்கும் கிளைக்கும் கூட்டுரிமை உண்டு. 1916 அக்டோபரில் இராணுவ அதிகாரிகள் அவ்விதழைத் தடைசெய்தனர். அந்த வாய்ப்பைப் பயன்படுத்திச் செயற்குழு இதழின் ஆசிரியப் பொறுப்பைத் தன்வசப்படுத்திக்கொண்டு மீண்டும் வெளியிட்டது. பெர்லின் உறுப்பினர்கள் எதிர்த்தும் பயனில்லை. 1917 ஏப்ரலில் எதிர்ப்பாளர் கோத்தா நகரில் தனிக்கட்சி அமைத்தனர்.

இவ்வரலாறு மிக்கெல்ஸின் வாதத்தில் ஓர் இணைப்பை முன்னுக்குக் கொண்டுவருகிறது. தலைமையின் இறுதி அரண் விதிமுறைகளில் இல்லை. சொல் செல்லும் வழிகளில் இருக்கிறது. போருக்கு முன் இக்கட்சி ஏறத்தாழ 90 நாளிதழ்களை நடத்தியது. அவற்றில் எது அச்சாகும், யார் பேச்சு முழுமையாக வரும், எந்தத் தீர்மானம் ஒரு மூலையில் ஒதுங்கும் என்பதைத் தீர்மானிப்போர் ஊதியம் பெறும் ஊழியர்களே. ஓர் ஊரின் உறுப்பினர் மற்றோர் ஊரின் உறுப்பினருடன் பேச வேண்டுமானால் தலைமையின் வழியாகவே பேச வேண்டும். தலைமைக்கு அனைவருடனும் தொடர்புண்டு. உறுப்பினர்க்குத் தலைமையுடன் மட்டுமே தொடர்புண்டு. இந்தச் சமனற்ற தொடர்பே சிலராட்சியின் நடைமுறை வடிவம்.

4. மாறுபட்ட ஒரு சங்கம்

மிக்கெல்ஸின் விதி ஊழ் என்றால் அதற்கு விலக்கு இருத்தலாகாது. விலக்கொன்றைத் தேடிச் சென்றவர்கள் சேமூர் மார்ட்டின் லிப்செட், மார்ட்டின் டிரோ, ஜேம்ஸ் கோல்மன் என்னும் அமெரிக்க ஆய்வாளர் மூவர். 1956இல் வெளிவந்த அவர்களுடைய நூல் வட அமெரிக்காவின் அச்சுத் தொழிலாளர் சங்கமான பன்னாட்டு அச்செழுத்தாளர் சங்கத்தைப் பற்றியது. லிப்செட்டின் தந்தையே அச்சங்கத்தின் உறுப்பினர்.

1852இல் தோன்றிய அச்சங்கத்திற்குள் இருபதாம் நூற்றாண்டில் நிலையான இரு கட்சிகள் இயங்கின. சங்கத் தலைவரை உறுப்பினர் அனைவரும் நேரடி வாக்கினால் தேர்ந்தெடுத்தனர். பதவியில் இருந்தவர் தோற்பதும் அங்கே நடந்தது. 1938இல் பல்லாண்டு தலைவராயிருந்த சார்லஸ் ஹோவர்ட் தோற்றார். அவரை வென்ற கிளாட் பேக்கர் 1944இல் வுட்ரப் ராண்டால்பிடம் தோற்றார். வேறு பல சங்கங்களில் தலைவர் மாறுவது பெரும்பாலும் அவருடைய மறைவினாலோ ஓய்வினாலோ நேர்வது. இங்கோ வாக்கினால் நேர்ந்தது.

இவ்வேறுபாட்டிற்கு ஆய்வாளர்கள் கண்ட காரணங்கள் மிக்கெல்ஸின் காரணங்களைத் தலைகீழாக்கியவை போல அமைந்துள்ளன. அச்சுக் கோப்போர் எழுத்தறிவும் தொழிற்பெருமிதமும் உடையோர். கூட்டத்தில் பேசுவதும் அறிக்கை எழுதுவதும் தலைவர்க்கு மட்டும் உரிய திறன்கள் அல்ல. அவர்களுடைய ஊதியம் உயர்வாக இருந்தமையால், சங்கப் பதவிக்கும் அச்சுக் கூடத்து வேலைக்கும் இடையே பெரிய ஏற்றத்தாழ்வு இல்லை. தோற்றவர் கூடத்திற்குத் திரும்புவது இழிவாகத் தோன்றவில்லை. ஏபர்ட்டின் நிலைக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு தெளிவு.

அனைத்திலும் முதன்மையானது சொல் செல்லும் வழி. நாளிதழ் அச்சுக் கூடங்களில் இரவு வேலை மிகுதி. ஆதலால் அத்தொழிலாளர் ஓய்வு நேரத்தில் பிறருடன் பழகாமல் தம்முள்ளேயே பழகினர். அவர்களுக்கெனக் கழகங்களும் விளையாட்டுக் குழுக்களும் இருந்தன. இவை சங்கத் தலைமையைச் சாராதவை. சங்கத்தைப் பற்றிய செய்தியும் மனக்குறையும் புதியவரின் திறமையும் இவற்றின் வழியாகத் தலைமையைத் தொடாமலே பரவின. உறுப்பினர் மற்ற உறுப்பினருடன் பேசுவதற்குத் தலைமை என்னும் வாயிலைக் கடக்க வேண்டியிருக்கவில்லை. மேலும், பெரிய உள்ளூர்க் கிளைகள் தம் விவகாரங்களில் தன்னாட்சி பெற்றிருந்தமையால், மையத்தில் தோற்ற கட்சிக்குக் கிளையில் காலூன்ற இடம் இருந்தது.

இவ்வமைப்பு யாருடைய நல்லெண்ணத்தாலும் தோன்றியதன்று. தொழிலின் இயல்பும் கிளைகளின் தொன்மையும் தற்செயலாகச் சேர்ந்து விளைந்தது. அந்நூலாசிரியர்களும் இதனைப் பிறர் எளிதிற் பின்பற்றத்தக்க முன்மாதிரியாகக் கூறவில்லை. இத்தனை சூழல்கள் ஒருங்கு கூடுவது அரிது என்பதே அவர்கள் கண்ட முடிவு. சூழல் மாறியபோது அச்சங்கமும் நிலைக்கவில்லை. கணிப்பொறி அச்சுக் கோப்பினால் அத்தொழிலே சுருங்கியதும், 1986இல் அது தகவல்தொடர்புத் தொழிலாளர் சங்கத்துடன் இணைய முடிவு செய்தது.

5. அடையாளங்களும் எல்லைகளும்

இரு வரலாறுகளையும் ஒருங்கு நோக்கினால், ஓர் அமைப்பில் சிலராட்சி உள்ளதா என்பதை அறிய மூன்று வினாக்கள் கிடைக்கின்றன. எதிர்க்கருத்துடையோர் ஒன்றுகூடித் தொடர்ந்து இயங்க இயலுமா? தலைமையைச் சாராமல் அவர்களுடைய சொல் பிற உறுப்பினரை அடையுமா? தோற்றவர் தம் வாழ்நிலையை இழக்காமல் திரும்ப இயலுமா? மூன்றிற்கும் விடை இல்லை என்பதானால், விதிமுறைகளில் எத்தனை தேர்தல்கள் இருந்தாலும் அவ்வமைப்பு சிலர் கையிலேயே இருக்கும்.

வெளித்தோற்றங்களைச் சான்றாகக் கொள்வதில் பிழை நேரும். ஒருவர் நெடுங்காலம் பதவியில் இருப்பது மட்டும் சிலராட்சி ஆகாது. தோற்கடிக்கும் வழி திறந்திருந்தும் உறுப்பினர் அவரையே விரும்பியிருக்கலாம். ஒருமனதான தீர்மானமும் அவ்வாறே இருபொருள்படும். உடன்பாட்டின் விளைவாகவும் அது இருக்கலாம். எதிர்ப்புக்கு வழியின்மையின் விளைவாகவும் இருக்கலாம்.

மிக்கெல்ஸின் குறை இங்கே வெளிப்படுகிறது. பணிப்பகிர்வு, சார்பாண்மை, தலைமை, ஆதிக்கம் ஆகிய நான்கையும் அவர் ஒரே தொடரின் படிகளாகக் கொண்டார். முதல் மூன்றும் பெரிய அமைப்பில் தவிர்க்க இயலாதவை என்பது உண்மை. அவற்றிலிருந்து நான்காவது தானே பிறக்கும் என்பதற்கு இடையில் சில நிபந்தனைகள் வேண்டும். அந்நிபந்தனைகள் இல்லாத இடத்தில் நான்காவது பிறக்கவில்லை என்பதை அச்சுத் தொழிலாளர் சங்கம் காட்டியது. சார்பாளரைத் தேர்ந்தெடுப்பதையே சிலராட்சி என்றால் விதி என்றும் மெய்யாகவே இருக்கும். ஆனால் எதையும் விளக்காது.

நூலாசிரியரின் பிற்கால வாழ்வும் இதனோடு தொடர்புடையது. நூலின் முடிவில் அவர், நோய் முழுதும் தீராதெனினும் மக்களாட்சி ஒன்றே அதற்கு மருந்து என்னும் நிலையில் நின்றார். 1920களில் இத்தாலியப் பாசிசக் கட்சியில் சேர்ந்தார். போக்கு என்று தொடங்கியதை ஊழாகவே அவர் ஏற்றுக்கொண்டார் என்று இதனைக் கருதலாம். தடுக்க இயலாததென்று நம்பப்படும் சிலராட்சிக்கும், வெளிப்படையான ஒருவராட்சிக்கும் இடையே தெரிவு செய்வதில் தடை குறைவு.

6. முடிவுரை

'இரும்பு விதி' என்னும் பெயர் தமிழில் நிலைத்தற்குரியது. அதனை மாற்ற வேண்டிய தேவையில்லை. எனினும் வாதத்தை எடுத்துரைக்கும் இடங்களில் நூலின் துணைத்தலைப்பையொட்டிப் 'போக்கு' என்னும் சொல்லை ஆள்வதே மூலத்திற்கு நெருக்கமாகும். விதியை ஊழாகப் படிக்கும் தமிழ் வாசகர், கட்சியோ சங்கமோ தொடங்குவதே வீண் என்னும் முடிவுக்கு வரக்கூடும். போக்காகப் படிப்பவரோ அதனை வளர்ப்பது எது, தடுப்பது எது என்று வினவுவார். அந்த வினாவுக்கு 1916இல் பெர்லின் உறுப்பினர் இழந்த நாளிதழும், அச்சுத் தொழிலாளர் தம் கழகங்களில் நடத்திய பேச்சும் ஒரே விடையைத் தருகின்றன: உறுப்பினர் ஒருவரோடொருவர் பேசும் வழி தலைமையின் கையில் இல்லாத அளவுக்கே அமைப்பு அவர்கள் கையில் இருக்கும்.